இயந்திரம் எழுதித் தரும் வலைத்தளம்



தொழிலின் பெயர், ஊர், விற்கும் பொருள் முதலான சில வினாக்களுக்கு விடையளித்தால், சில நிமிடங்களில் ஒரு வலைத்தளத்தையே எழுதிக் கொடுக்கும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. அவை தரும் பக்கங்கள் பார்வைக்கு நேர்த்தியாகவே இருக்கும். ஆயினும் அவற்றை வெளியிடுமுன் திருத்த வேண்டுவன சில உண்டு. அவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க விரும்புகிறேன்.

மும்பையில் மாட்டுங்காப் பகுதியில் கணவனும் மனைவியுமாக ஒரு சிறு மெஸ் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர், இடம், தென்னிந்தியச் சைவ உணவு, வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பும் வசதி ஆகிய நான்கு விடைகளையே அவர்கள் கருவிக்குத் தந்தார்கள். வந்த பக்கமோ, "இருபத்தைந்து ஆண்டு அனுபவம்" என்றது. "தேர்ச்சி பெற்ற சமையற் கலைஞர் குழு" என்றது. மூன்று வாடிக்கையாளர்களின் பாராட்டுரைகளையும் பெயருடன் அச்சிட்டது. மெஸ் தொடங்கி மூன்றாண்டே ஆயிற்று. குழு என்பது அவ்விருவரே. பாராட்டியவர்களோ உலகில் இல்லாதவர்கள்.

இது ஏன் நிகழ்கிறது? அக்கருவி மெஸ்ஸை அறியாது. நாம் கொடுத்த நான்கு விடைகளை மட்டுமே அறியும். உணவகப் பக்கங்களில் வழக்கமாக வரும் சொற்றொடர்களைக் கொண்டு எஞ்சிய இடத்தை அது நிரப்பிவிடுகிறது. ஆகவே பிழை தவறான எழுத்தில் இராது. மிகச் சரளமான வாக்கியத்தில்தான் ஒளிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழியொன்று உண்டு. பக்கத்தைத் தாளில் அச்சிட்டுக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகப் படியுங்கள். "இச்செய்தியை நான் கொடுத்தேனா? கொடுக்கவில்லையெனில், இது மெய்யென்று காட்ட என்னிடம் சான்று உண்டா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்பது விடையானால் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். பாராட்டுரைப் பகுதியை முழுவதுமே நீக்குவது நலம். உண்மையான வாடிக்கையாளர் எழுதித் தந்து, வெளியிடவும் இசைந்த பிறகு அதனைச் சேர்க்கலாம். உணவு உரிமம் பற்றிய வரியிருப்பின், உங்கள் பதிவுச் சான்றிதழிலுள்ள 14 இலக்க எண்ணோடு அது ஒத்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்குத் தண்டம் விதிக்க இடமளிக்கிறது; "இயந்திரம் எழுதியது" என்ற சமாதானம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். படங்களையும் இவ்வாறே பாருங்கள். இட்லி இருக்கவேண்டிய இடத்தில் நானும் பனீரும் இருத்தல் கூடும்.

அடுத்தது தொலைபேசி எண். திரையில் தெரியும் எண்ணைத் திருத்தினாலும், அதன் அடியிலுள்ள இணைப்பில் கருவி வைத்த மாதிரி எண்ணே நின்றுவிடலாம். கண்ணால் பார்த்து இதை அறிய முடியாது. கைப்பேசியில் அந்த எண்ணைத் தொட்டு, எந்த எண்ணுக்கு அழைப்புப் போகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வாறே ஆர்டர்ப் படிவத்தை ஒருமுறை நீங்களே நிரப்பி அனுப்புங்கள். அது எந்த அஞ்சல் முகவரிக்கு வருகிறது, வேண்டாத அஞ்சல்களின் பெட்டியில் விழுகிறதா என்று தேடிப் பாருங்கள். இதைச் செய்யாவிடில், வந்த ஆர்டர்கள் யாரும் காணாமலே கிடக்கும்.

மூன்றாவது நம் தமிழைப் பற்றியது. தமிழ்ப் பக்கம் கேட்டால், முகப்பு என்று இருக்கவேண்டிய பொத்தானில் "வீடு" என்றும், ஆர்டர் செய்க என்பதற்கு "உத்தரவு" என்றும் வரலாம். ஆங்கிலச் சொல்லுக்கு வேறிடத்தில் உரிய பொருள் இங்கே வந்து அமர்ந்துவிட்டது. ஆகவே பொத்தான்களையும் பட்டியல்களையும் தனியே படித்துத் திருத்துக. இதனினும் மறைவான குறை ஒன்றுண்டு. கணினியில் பக்கத்தைத் திறந்து `Ctrl+U` அழுத்தினால் அதன் மூலக்குறி தோன்றும். தொடக்கத்தில் இவ்வாறு இருந்தால், பக்கம் ஆங்கிலம் என்று அறிவிக்கப்பட்டுள்ளது என்பது பொருள்:

```
<html lang="en">
```

தமிழ்ப் பக்கத்தில் அது இவ்வாறு இருத்தல் வேண்டும்:

```
<html lang="ta">
```

பார்வையற்றோர்க்குப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள் இந்தக் குறியைக் கொண்டே குரலைத் தெரிந்தெடுக்கும். குறி தவறானால் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று குழறும். சில வேளை எழுத்துகளை விட்டே செல்லும். கருவியின் அமைப்புப் பகுதியில் பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டு, மூலக்குறியை மீண்டும் பாருங்கள்.

வினாக்களுக்கு விடையளிக்கும்போதே திறக்கும் நேரம், விடுமுறை நாள், சாப்பாட்டின் விலை, தொடங்கிய ஆண்டு ஆகியவற்றைத் தந்துவிட்டால் கற்பனைக்கு இடம் குறையும், அறவே ஒழிந்துவிடாது. திருத்தி முடித்தபின் மறுபடி உருவாக்கச் சொல்லும் பொத்தானை அழுத்தாதீர்கள். சில கருவிகளில் அது உங்கள் திருத்தங்களை அழித்து, நீக்கிய "இருபத்தைந்து ஆண்டு அனுபவ"த்தை மீண்டும் கொண்டுவந்து வைத்துவிடும். அழுத்த நேர்ந்தால், தாளும் பென்சிலுமாக முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான்.