தேதி வாரியாக எழுதுங்கள்: புகாரை மேலதிகாரியிடம் கொண்டு செல்லும் முறை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "பத்து தடவை போன் செய்துவிட்டேன், யாரும் கேட்கவில்லை" என்று நம்மில் பலர் வருத்தப்படுகிறோம். பத்து தடவை போன் செய்ததற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நமக்குத் தெரிந்த ஒரு தம்பி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். 2025 மார்ச் 3ஆம் தேதி வாடகைக்காக ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் எடுக்கப் போனார். பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. அது வேறு வங்கியின் இயந்திரம். அன்றே தன் வங்கிக்குப் போன் செய்து புகார் எண் வாங்கினார். அது சரியான செயல். இயந்திரம் யாருடையதாக இருந்தாலும், கார்டு கொடுத்த வங்கியிடம்தான் புகார் செய்ய வேண்டும்.

மார்ச் 10ஆம் தேதி, "பரிவர்த்தனை வெற்றி, புகார் முடிக்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. 12ஆம் தேதி கிளைக்குப் போனார், வாய்மொழியாகச் சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். 17ஆம் தேதி மறுபடி போன் செய்தார், புதிதாக ஒரு எண் கொடுத்தார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். புதிய எண்ணை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு உங்கள் புகார் நேற்று வந்ததாகத்தான் தெரியும். எத்தனை எண் கொடுத்தாலும் முதல் எண்ணை விடாதீர்கள்.

அவர் என்னிடம் வந்தபோது மூன்று பக்கக் கடிதம் எழுதி வைத்திருந்தார். கோபம் நிறைய இருந்தது. தேதி ஒன்றுகூட இல்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதினோம். வாடிக்கையாளர் குறைகளுக்கு வங்கியில் தலைமைப் பொறுப்பு வகிப்பவரை முதன்மை நோடல் அதிகாரி என்பார்கள். அவர் பெயரும் மின்னஞ்சலும் வங்கியின் இணையதளத்தில் குறைதீர்ப்புப் பகுதியில் இருக்கும். கிளை அறிவிப்புப் பலகையிலும் இருக்க வேண்டும். அவருக்கு எழுதியதன் சாரம் இதுதான்:

"பொருள்: ஏ.டி.எம்.மில் வராத ரூ.10,000, முதல் புகார் எண் ….

மார்ச் 3: பணம் வரவில்லை, கணக்கில் கழிந்தது. எஸ்.எம்.எஸ். நகல் இணைப்பு 1. அன்றே புகார், இணைப்பு 2.
மார்ச் 10: புகார் முடிக்கப்பட்டதாகச் செய்தி, இணைப்பு 3.
மார்ச் 12: கிளைக்கு நேரில் சென்றேன். எழுத்தில் பதில் இல்லை.
மார்ச் 17: மீண்டும் புகார், புதிய எண், இணைப்பு 4.
மார்ச் 24: இந்தக் கடிதம்.

கோருவது: ரூ.10,000 மற்றும் தாமத நாட்களுக்கான இழப்பீடு. மறுப்பதானால், அந்த இயந்திரத்தின் பதிவையும் அன்றைய ரொக்கக் கணக்கையும் சரிபார்த்து எழுத்தில் பதில் தரவும்."

கடைசி வரி ஏன் என்று கேட்பீர்கள். பணம் வெளியே வராமல் உள்ளேயே தங்கியிருந்தால், இயந்திரத்தில் ரொக்கத்தை எண்ணும்போது 10,000 ரூபாய் கூடுதலாக இருக்கும். அதை வங்கிதான் பார்க்க முடியும். பார்க்காமலேயே "வெற்றி" என்று சொல்லிவிடக் கூடாது.

இழப்பீடு நாமாகக் கேட்ட சலுகை இல்லை. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலேயே வரவு வைக்க வேண்டும். இவர் விஷயத்தில் கெடு மார்ச் 8. கடிதம் எழுதிய 24ஆம் தேதி வரை 16 நாள், அதாவது 1,600 ரூபாய். தேதிகள் வரிசையாக இருந்ததால் இந்தக் கணக்கை யாரும் மறுக்க முடியவில்லை. 28ஆம் தேதி 10,000 ரூபாயும், 20 நாளுக்கு 2,000 ரூபாயும் வரவானது.

எல்லோருக்கும் இப்படி நான்கு நாளில் முடியும் என்று சொல்ல மாட்டேன். இயந்திரத்தின் ரொக்கக் கணக்கு சரியாக இருந்தால் வங்கி மறுக்கலாம். அந்தப் பதிலில் திருப்தி இல்லையென்றாலும், புகார் செய்து 30 நாள் ஆகியும் பதிலே வராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம். ஆனால் வங்கியிடம் முதலில் புகார் செய்ததற்கான ஆதாரத்தை அங்கே காட்டியாக வேண்டும். அதிகாரிக்கு அனுப்பிய அதே ஒரு பக்கமும் இணைப்புகளும் அப்படியே உதவும்.

ஆகவே அடுத்த முறை போனை வைத்தவுடன் தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் நான்கையும் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். வந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காதீர்கள். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால், ஞாயிறு காலையில் காகிதங்களோடு என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.