‘30 நாட்களுக்குள்’: பயண ரத்துச் செய்தி ஒன்றைத் தமிழாக்கியபோது



இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது கவிதையோ கதையோ அன்று. ஒரு சுற்றுலா நிறுவனம் தன் வாடிக்கையாளர்க்கு அனுப்பிய அரைப்பக்கச் செய்தி. முன்பதிவை ரத்துசெய்தால் எவ்வளவு பணம் திரும்பும், எவ்வளவு போகும் என்று சொல்லும் செய்தி. அதைத் தமிழில் தரும்படி ஒரு குடும்பம் நம் மொழிபெயர்ப்புக் குழுவைக் கேட்டது. நாம் தந்த முதல் தமிழாக்கம் பிழையானது. அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பதையே இன்று விளக்க விரும்புகிறோம்.

சிங்கப்பூரில் வாழும் ஐவர் கொண்ட குடும்பம் அது: கணவன், மனைவி, இரு பிள்ளைகள், பாட்டி. ஜோக்ஜகார்த்தாவுக்கு ஆறு நாள் பயணம் பதிவு செய்திருந்தார்கள். பிரம்பானானின் சிவன் கோயிலைப் பார்க்கவேண்டும் என்பது பாட்டியின் நெடுநாள் ஆசை. புறப்படும் நாள் டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. ஆளுக்கு 1,200 வெள்ளி வீதம் மொத்தம் 6,000 வெள்ளியையும் செலுத்திவிட்டார்கள். அதில் ஆளுக்கு 200 வெள்ளி முன்பணம். நவம்பர் தொடக்கத்தில் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பயணத்தை விடுவதா, ஒத்திப்போடுவதா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பணத்தில் பெரும்பகுதி பாட்டியின் சேமிப்பு. அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். “எனக்குப் புரிகிற மாதிரி எழுதித் தரச் சொல்லுங்கள், பிறகு முடிவு சொல்கிறேன்” என்றார். அப்படித்தான் அந்தச் செய்தி நவம்பர் 10ஆம் நாள் நம்மிடம் வந்தது.

செய்தியின் நடுவில் நான்கு வரிகள் இருந்தன. புறப்பாட்டுக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் ரத்துசெய்தால் முன்பணம் மட்டும் போகும். ‘30 நாட்களுக்குள்’ ரத்துசெய்தால் பயணக் கட்டணத்தில் 50 விழுக்காடு பிடித்தம். ‘14 நாட்களுக்குள்’ என்றால் 75 விழுக்காடு. ‘7 நாட்களுக்குள்’ என்றால் முழுத்தொகையும் போகும்.

இரண்டாம் வரியை நாம் இப்படி எழுதியிருந்தோம்: “புறப்பாட்டிலிருந்து 30 நாட்களுக்குள் ரத்துசெய்தால்...” இலக்கணத்தில் குறையில்லை. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஆனால் தமிழில் ‘-இலிருந்து’ என்னும் உருபு ஒரு புள்ளியில் தொடங்கி முன்னோக்கிச் செல்கிறது. ‘வாங்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பழுதானால் மாற்றித் தருவோம்’ என்று கடையில் எழுதியிருந்தால், வாங்கியதற்குப் பின்வரும் 30 நாட்களையே நாம் நினைக்கிறோம். அதுபோலவே நம் வரியைப் படிப்பவர், பயணம் புறப்பட்ட பின்வரும் 30 நாட்கள் என்று கொள்ளக்கூடும். ஆங்கிலப் பயண வழக்கிலோ அந்தச் சொற்றொடர் பின்னோக்கிப் பார்க்கிறது. புறப்படும் நாளுக்கு முன்னுள்ள கடைசி 30 நாட்களைக் குறிக்கிறது. பொருள் தலைகீழாகிவிட்டது. புறப்பட்ட பிறகு ரத்துசெய்வது எப்படி என்று எவரும் கேட்டிருக்கலாம். ஆனால் பாட்டி அப்படிக் கேட்கவில்லை. “அப்படியானால் இன்னும் நிறைய நாள் இருக்கிறது” என்று ஆறுதலடைந்தார். அந்த ஆறுதல்தான் நம் பிழையை நமக்குக் காட்டியது. கடைசி நாளுக்கு அப்போது நான்கு நாட்களே இருந்தன.

‘புறப்பாட்டுக்கு முன்னுள்ள 30 நாட்களுக்குள்’ என்று மாற்றினோம். பொருள் சரியானது. ஆனாலும் படிப்பவர் விரல்விட்டு எண்ணவேண்டிய நிலை மாறவில்லை. எண்ண முனைந்தபோதுதான் மூலத்திலேயே ஒரு குறை இருப்பது புலப்பட்டது. ‘குறைந்தது 30 நாட்களுக்கு முன்’ என்பது ஒரு வரி; ‘30 நாட்களுக்குள்’ என்பது அடுத்த வரி. சரியாக 30ஆவது நாள் எதில் அடங்கும்? இரண்டிலும் அடங்கும்படியே எழுதியிருந்தார்கள். புறப்படும் நாளைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்றும் செய்தியில் இல்லை. சேர்க்காவிட்டால் நவம்பர் 14 முப்பதாவது நாள். சேர்த்தால் நவம்பர் 15. ஆங்கிலத்தில் விரைந்து படிப்பவர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார். மொழிபெயர்ப்பவரால் கடக்க இயலாது.

இத்தகைய இடத்தில் நாமே ஒரு முடிவுக்கு வந்து எழுதிவிடக்கூடாது என்பது நம் கருத்து. அது மொழிபெயர்ப்பாளருக்குரிய உரிமையன்று. எனவே குடும்பத்தலைவரை நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னோம். புறப்படும் நாளைக் கணக்கில் கொள்வதில்லை. 30, 14, 7 ஆகிய நாட்களில் வந்துசேரும் அறிவிப்புக்குக் குறைந்த பிடித்தமே பொருந்தும் என்று மறுநாள் எழுத்தில் விடை வந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். அறிவிப்பு எழுத்தில் இருக்கவேண்டும். அனுப்பிய நேரம் கணக்கில் வராது, அலுவலகத்துக்குக் கிடைத்த நேரமே கணக்கு. அலுவலகம் திங்கள் முதல் வெள்ளிவரை மாலை 6 மணிக்கு மூடப்படும். அதன்பின் வருவது அடுத்த வேலைநாளில் வந்ததாகக் கொள்ளப்படும்.

இந்தக் கடைசிக் கூறு செய்தியின் அடியில் சிறிய எழுத்தில் ஏற்கெனவே இருந்தது. நாமும் அதை அடியிலேயே வைத்திருந்தோம். அதன் விளைவைப் பாருங்கள். குடும்பம் நவம்பர் 14, வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது என்று கொள்வோம். அது 17ஆம் நாள் திங்கட்கிழமை வந்ததாகக் கணக்காகும். அப்போது புறப்பாட்டுக்கு 27 நாட்கள். பிடித்தம் 1,000 வெள்ளியிலிருந்து 3,000 வெள்ளியாகிறது. இரண்டு மணிநேரத் தாமதத்துக்கு இரண்டாயிரம் வெள்ளி. இன்னொன்று: பயணம் புறப்படுவது ஞாயிற்றுக்கிழமை. ஆகவே அதற்கு 14 நாள் முன்னுள்ள நவம்பர் 30, 7 நாள் முன்னுள்ள டிசம்பர் 7 ஆகிய இரண்டும் ஞாயிறே. அன்று அலுவலகம் இல்லை. உண்மையான கடைசி நாள் அவற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. நாள் எண்ணிக்கையை மட்டும் மொழிபெயர்த்தால் இது எவர் கண்ணிலும் படாது.

ஆகவே இரண்டாம் தமிழாக்கத்தில் நாட்களைத் தேதிகளாக்கினோம். நிறுவனத்தின் விடையைச் சான்றாகக் கொண்டு, அவர்கள் ஒப்புதலோடு எழுதிய பகுதி இது:

“நீங்கள் பயணத்தை ரத்துசெய்வதாக எழுதும் மின்னஞ்சல் நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, மாலை 6 மணிக்குள் எங்களுக்குக் கிடைத்தால், முன்பணமாகிய 1,000 வெள்ளி திரும்பக் கிடைக்காது, மீதி 5,000 வெள்ளியைத் திருப்பித் தருவோம். அதற்குப் பின், நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, மாலை 6 மணிக்குள் கிடைத்தால், 3,000 வெள்ளி பிடித்துக்கொண்டு 3,000 வெள்ளி தருவோம். அதற்கும் பின், டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை, மாலை 6 மணிக்குள் கிடைத்தால், 4,500 வெள்ளி பிடித்துக்கொண்டு 1,500 வெள்ளி தருவோம். அதன்பின் எதுவும் திரும்பக் கிடைக்காது.”

இதில் ‘வெள்ளி’ என்பதைப் பணத்துக்கும், ‘வெள்ளிக்கிழமை’ என்பதை நாளுக்கும் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் வரைவில் நாளையும் ‘வெள்ளி’ என்றே சுருக்கியிருந்தோம். ‘14, வெள்ளி’ என்பதைப் பதினான்கு வெள்ளி என்று குழுவில் ஒருவர் வாசித்தபோது சிரித்துவிட்டு மாற்றினோம். நம் ஊர்த் தமிழுக்கே உரிய சிக்கல் அது.

பிடித்தத்தையும் திரும்பும் தொகையையும் சேர்த்து எழுதியதற்கும் காரணமுண்டு. ‘ரத்துக் கட்டணம் 50 விழுக்காடு’ என்று எழுதினால், அது நாம் இழப்பதா பெறுவதா என்று குழம்புவோர் பலர். ஐம்பதில் அக்குழப்பம் வெளியே தெரியாது. இரண்டும் ஒரே தொகை. 75க்கு வரும்போதுதான் இடிக்கும். 4,500 திரும்பும் என்று நினைத்தவர் கையில் 1,500 வந்து விழும்.

‘முன்பணம்’ என்னும் சொல்லுக்கும் நாம் சற்று நின்றோம். ஒருவர் ‘வைப்புத்தொகை’ என்றார். அது வங்கியில் போட்டு எடுக்கும் பணம். கேட்டவுடன் திரும்பக் கிடைக்கும் என்னும் எண்ணத்தைத் தரும். ‘முன்பணம்’ என்பதும் முற்றும் பாதுகாப்பான சொல் அன்று. வீட்டு வாடகைக்குக் கொடுக்கும் முன்பணம் காலிசெய்யும்போது திரும்ப வருவதுண்டு. ஆகவே அச்சொல் வந்த இடத்திலேயே ‘திரும்பக் கிடைக்காது’ என்பதையும் வைத்தோம். ‘பறிமுதல் செய்யப்படும்’ என்று எழுதலாமே என்று ஒரு மாணவர் கேட்டார். அது குற்றம் செய்தவரிடமிருந்து காவல்துறை எடுப்பதைப் போல ஒலிக்கிறது. எலும்பு முறிந்த பாட்டியிடம் சொல்லவேண்டிய சொல் அன்று.

இனி ‘-லாம்’ விகுதி. செய்தியின் இறுதியில், திரும்பக் கிடைக்காத தொகையைப் பயணக் காப்பீட்டிலிருந்து ‘பெறலாம்’ என்னும் பொருளில் ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில் அது வெறும் வாய்ப்பு. தமிழில் ‘பெறலாம்’ என்பது வாய்ப்பையும் குறிக்கும், இசைவையும் குறிக்கும். கவலையில் இருப்பவர் காதில் அது உறுதியாகவே விழும். ‘காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு விண்ணப்பிக்கலாம், தருவதும் மறுப்பதும் அவர்கள் முடிவு’ என்று விரித்தோம். ஒரு வரி இரண்டு வரியானதில் நமக்கு வருத்தமில்லை.

பணம் எப்போது வரும் என்பதிலும் இதே கவனம் வேண்டியிருந்தது. ‘14 வேலைநாட்களில்’ என்றிருந்தது. ஆனால் ரத்துசெய்த நாளிலிருந்து அன்று, நிறுவனம் ஒப்புதல் அளித்த நாளிலிருந்து. இங்கே ‘-இலிருந்து’ முன்னோக்கியே செல்கிறது. ஆகவே அதை அப்படியே வைத்தோம். எந்த வழியில் கட்டினார்களோ அதே வழியில், அதாவது மருமகளின் கடன்பற்று அட்டைக்கே பணம் திரும்பும் என்பதையும் தெளிவாகச் சொன்னோம். பாட்டி தம் வங்கிக் கணக்கை நாள்தோறும் பார்த்து ஏமாறக்கூடாது அல்லவா?

ஒன்று மட்டும் நம் கையை மீறியது. தமிழாக்கத்துக்கும் ஆங்கிலத்துக்கும் முரண் இருந்தால் ஆங்கிலமே செல்லும் என்று செய்தியின் கீழே இருந்தது. அதாவது, நம் முதல் தமிழாக்கத்தை நம்பி அக்குடும்பம் காத்திருந்தால், இழப்பு அவர்களுடையது; நம்முடையதும் அன்று, நிறுவனத்துடையதும் அன்று. அந்த வரியை அடியிலிருந்து எடுத்து முதல் வரியாக வைத்தோம். நிறுவனம் தயங்கியது, பிறகு ஒப்புக்கொண்டது.

பாட்டி புதிய தமிழாக்கத்தை இருமுறை படித்தார். “வெள்ளிக்கிழமை வரை எதற்கு? நாளைக்கே அனுப்பிவிடு” என்று மகனிடம் சொன்னார். வியாழக்கிழமை காலை மின்னஞ்சல் சென்றது. திங்கட்கிழமை ஒப்புதல் வந்தது. டிசம்பர் 5ஆம் நாளுக்குள் மருமகளின் அட்டைக்கு 5,000 வெள்ளி திரும்பியிருந்தது.