நோட்டில் கிடப்பதும் ரேங்க் கார்டில் ஏறுவதும்

பருவத் தேர்வு விடைத்தாள் திருத்தி முடித்ததும் ஆசிரியருக்கு மிச்சம் இருப்பது ரேங்க் கார்டில் 'ஆசிரியர் குறிப்பு' என்கிற சின்னக் கட்டம். இரண்டு வரிக்குத்தான் இடம். நாற்பது பிள்ளைகளுக்கு எழுத வேண்டும். பத்தாவது கார்டிலேயே கை தானாக 'முயற்சி தேவை' என்று போட ஆரம்பித்துவிடும்.

தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. நூற்றுக்கு 60 மதிப்பெண் பருவத் தேர்வுக்கு. மீதி 40 வகுப்பறைச் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும். பிள்ளையை அன்றாடம் பார்த்துக் குறித்து வைக்கிற நோட்டுக்கு அப்போது மதிப்புக் கூடியது. அந்த நோட்டு ஆசிரியர் தனக்காக எழுதுவது. அதில் நாசூக்கு இருக்காது, இருக்கவும் வேண்டாம். அதைப் பெற்றோர் படிக்கும்படி மாற்றி எழுதுகிற கலையைத்தான் இன்று பேசப் போகிறேன்.

சோழவந்தான் பக்கத்தில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் இப்படி இருக்கிறது: 'சரியான வாயாடி. கழித்தல் சுத்தமாக வரவில்லை. 402இல் 187 போக 385 என்கிறாள். திங்கள்கிழமை வந்தால் தூங்கி வழிகிறாள்.'

இது கார்டில் ஏறும்போது பெரும்பாலும் என்ன ஆகிறது தெரியுமா? 'கணக்கில் கவனம் தேவை. வகுப்பில் பேச்சைக் குறைக்க வேண்டும்.' மரியாதையான வாசகம்தான். ஆனால் நோட்டில் உருப்படியாக இருந்த ஒரே விஷயம், அந்த 385, காணாமல் போய்விட்டது. திட்டு மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது.

அந்த 385ஐக் கொஞ்சம் பாருங்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 போட்டாள். பூஜ்யத்திலிருந்து எட்டு போகாது, 8 போட்டாள். நாலில் ஒன்று போக 3. ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். கவனம் இல்லாத பிள்ளை இப்படி ஒரே சீராகத் தப்புப் பண்ணாது. அவளுக்குக் கழிக்கத் தெரிகிறது. கடன் வாங்கத்தான் தெரியவில்லை. நோட்டில் இதே தப்பு மூன்று நான்கு கணக்கில் பதிவாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரே ஒரு முறை என்றால், எழுதுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு இன்னொரு கணக்குப் போடச் சொல்வது நல்லது.

இப்போது இப்படி எழுதலாம்: 'கடன் வாங்காத கழித்தலைச் சரியாகச் செய்கிறாள். கடன் வாங்க வேண்டிய இடத்தில் தடுமாறுகிறாள். வீட்டில் நூறு ரூபாயைப் பத்து ரூபாய்களாக மாற்றிக் கொடுத்து, மீதி எண்ணச் சொல்லுங்கள்.' இது அம்மாவுக்குப் புரியும், செய்யவும் முடியும். விடியற்காலையில் கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போகிற தாய்க்கு 'கவனம் தேவை' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? இரண்டு அடி போடுவாள்.

இன்னொன்று. பல வீடுகளில் அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டுவதே அந்தப் பிள்ளைதான். தன் வாயால் 'நான் மந்தம்' என்று பாட்டிக்குப் படித்துக் காட்ட வேண்டிய நிலையில் அதை வைக்கக்கூடாது.

'வாயாடி'யை என்ன செய்வது? 'தலைமைப் பண்பு மிக்கவள்' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது பொய். அடுத்த வருட ஆசிரியர் சிரிப்பார், பெற்றோரும் ஏமாறுவார்கள். கண்ணால் கண்டதை எழுதலாம்: 'கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குகிறாள். மற்றவர் பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கப் பழக வேண்டும்.' இரண்டும் உண்மை. 'எப்போதும்', 'ஒருபோதும்' என்கிற சொற்களை மட்டும் தேதி போட்ட குறிப்புகள் கையில் இல்லாமல் எழுதவே கூடாது.

திங்கள்கிழமைத் தூக்கத்தைக் கார்டில் ஏற்றவே வேண்டாம் என்பேன். காரணம் நமக்குத் தெரியாது. வீட்டில் நடப்பதை ஊகித்து எழுதினால் கார்டைப் பார்க்கிற ஊராருக்கெல்லாம் அது செய்தி. அம்மாவையோ அப்பாவையோ நேரில் பார்க்கும்போது, 'பிள்ளை ஞாயிறு ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறது?' என்று கேட்டால் போதும்.

நாற்பது பேருக்கும் இப்படி எழுத நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயம்தான். வாரத்துக்கு நான்கு பிள்ளைகள் என்று பிரித்துக்கொண்டு, தேதியோடு ஆளுக்கு ஒரு வரி குறித்து வந்தால், பத்து வாரத்தில் வகுப்பு முழுதும் வந்துவிடும். குறிப்பே இல்லாமல் பருவக் கடைசியில் உட்கார்ந்தால் யாருக்கும் 'முயற்சி தேவை'யைத் தவிர எதுவும் வராது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பருவம் கார்டில் 'கணக்கில் கவனம் தேவை' என்று இருந்தால், பிள்ளையைக் கேட்பதற்கு முன்னால் பள்ளிக்குப் போய், 'எந்தக் கணக்கு சார்?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.