தேசப்படம் யாருக்காக?



இன்று நாம் பேச வந்திருப்பது தேசப்படங்களைப் பற்றி. பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்குகின்ற ஒரு காகிதத்தைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் நிலத் தகராறுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கியவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். ஒரு மனிதனை ஓரிடத்தில் குடியிருக்கச் செய்யவும், குடியிருந்த இடத்தை விட்டுக் கிளப்பவும் ஒரு படமே போதும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தச் சக்தி ஒரு காகிதத்துக்கு எப்படி வந்தது என்பதைத்தான் நாம் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் அளக்காமல் வரைந்த படங்களைப் பார்ப்போம். விஷ்ணு புராணத்தின்படி உலகத்தின் நடுவில் மேருமலை நிற்கிறது. அதன் உயரம் 84,000 யோசனை. அதைச் சுற்றியிருக்கும் ஜம்புத் தீவின் அகலம் ஒரு லட்சம் யோசனை. அதைச் சுற்றி உப்புக் கடல்; பிறகு ஒரு தீவு, ஒரு கடல் என்று கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நல்ல தண்ணீர் என ஏழு கடல்கள். ஜைனர்கள் இத்தகைய உலகத்தைத் துணியில் அழகாகத் தீட்டியும் வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு நாம் மாத்திரம் வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஹெரிபோர்டு என்ற ஊர் மாதாகோவிலில் 1300ஆம் ஆண்டு வாக்கில் கன்றுத்தோலில் வரைந்த உலகப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் உலகத்தின் நடுமத்தியில் எருசலேம்; உச்சியில் ஏதேன் தோட்டம்; ஓரங்களில் விகார உருவமுள்ள மனிதர்கள். நம்மவர்கள் மேருவை நடுவில் வைத்தார்கள். அவர்கள் எருசலேமை நடுவில் வைத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தப் படங்களை வரைந்தவர்கள் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது வாஸ்தவமல்ல. பூமி உருண்டை என்று ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். நம் நாட்டுக் கப்பற்காரர்கள் கடாரத்துக்குப் போனதும் தயிர்க்கடலைத் தாண்டியல்ல. காற்றையும் நட்சத்திரத்தையும் பார்த்துத்தான் போனார்கள். அப்படியானால் மேருப் படம் எதற்கு? அது வழி சொல்ல வந்த படமல்ல. அந்தஸ்து சொல்ல வந்த படம். எது நடு, எது ஓரம், எது உயர்வு, எது தாழ்வு என்று சொல்வதே அதன் வேலை. அதிலுள்ள சௌகரியம் என்னவென்றால், அதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. பாற்கடலுக்குப் போய்த் திரும்பி வந்தவன் எவனுமில்லை அல்லவா?

வரி வாங்க வேண்டிய இடத்தில் மாத்திரம் கதை வேறாக இருந்தது. ராஜராஜ சோழன் 1000ஆம் ஆண்டு வாக்கில் தன் நாட்டு நிலத்தைக் கோலால் அளக்கச் செய்தான். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் ஊர்களின் நில அளவு, வேலியில் மிக நுண்ணிய பின்னம் வரையில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் உலகத்தைப் புராணத்தால் அளந்தார்கள்; நெல்லை விளைவிக்கும் நிலத்தைக் கோலால் அளந்தார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

இனி, முழு நாட்டையும் அளந்த கதைக்கு வருவோம். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூர் ராஜ்யத்தில் ஒரு பெரும் பகுதி கும்பினியாரின் கைக்குள் வந்தது. ஆனால் கைக்கு வந்தது எவ்வளவு, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, பட்டாளத்தை எந்த வழியாக நடத்துவது என்பது அவர்களுக்கே சரியாகத் தெரியாது. அந்த யுத்தத்தில் சண்டை போட்ட வில்லியம் லாம்டன் என்ற சேனை அதிகாரி, தீபகற்பத்தைக் கணக்குப்படி அளக்க வேண்டும் என்று யோசனை சொன்னார். 1802 ஏப்ரலில் சென்னைக்குப் பக்கத்தில், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையில் வேலை ஆரம்பமாயிற்று.

ஒரு நாட்டையே அளக்க வேண்டுமானால் முதலில் ஒரே ஒரு கோட்டைப் பிசகில்லாமல் அளக்க வேண்டும். லாம்டனின் கோடு சுமார் 7½ மைல். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறக்குறைய 400 தடவை நீட்டி 57 நாளில் அதை அளந்தார்கள். இவ்வளவு நாள் ஏன் என்று கேட்பீர்கள். எஃகு வெயிலில் நீளும். 20 டிகிரி பாரன்ஹீட் சூடு ஏறினால் 100 அடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீளும். இது ஒரு பிரமாதமா என்று விட்டுவிட்டால், 400 தடவையில் சுமார் 5 அடி பிசகு சேர்ந்துவிடும். ஆகையால் சங்கிலியை மரப்பெட்டிகளின் மேல் தொய்வில்லாமல் கிடத்தி, பக்கத்தில் உஷ்ணமானி வைத்துப் பார்த்து, சூட்டுக்குத் தக்கபடி கணக்கைத் திருத்திக்கொண்டே போனார்கள்.

அதற்குப் பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்திலுள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணத்தை அளந்தால் போதும். குன்றின் தூரத்தைக் கணக்கே சொல்லிவிடும். உதாரணமாக ஒரு முனையில் கோணம் 90 டிகிரி, மற்றொரு முனையில் 45 டிகிரி என்றால், முதல் முனையிலிருந்து குன்று 7½ மைலில் இருக்கிறது. யாரும் நடந்து பார்க்க வேண்டியதில்லை. அந்தக் குன்றிலிருந்து அடுத்த குன்று, அதிலிருந்து அடுத்தது என்று முக்கோணத்தின் மேல் முக்கோணமாக மேற்குக் கடற்கரை வரையில் போகலாம்.

ஆனால் முதல் முக்கோணத்தில் நேர்ந்த பிசகு கடைசி முக்கோணம் வரையில் கூடவே வருமே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் அறிவின் நேர்மை இருக்கிறது. வெகுதூரம் போன பிறகு, கணக்கு நீளம் சொல்லிவிட்ட ஒரு கோட்டை மறுபடியும் சங்கிலியால் அளந்து பார்ப்பது. லாம்டன் 1804இல் பெங்களூருக்குப் பக்கத்தில் அப்படிச் செய்தார். ஏழு மைல் சுமாரான அந்தக் கோட்டில் கணக்குக்கும் சங்கிலிக்கும் இருந்த வித்தியாசம் 4 அங்குலத்துக்கும் குறைவு! மேரு மலையை அளந்தவர் எவராவது இப்படி இரண்டாந்தரம் அளந்து காட்டினாரா?

இந்த வேலையினால் தெரிந்த ஒரு சங்கதி. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே நாட்டின் அகலம் 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. அளந்து பார்த்ததில் 360 மைல்தான் இருந்தது. படத்தில் மாத்திரம் இருந்த 40 மைல் தேசம் மாயமாய்ப் போயிற்று!

தஞ்சாவூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். காவிரிப் பாசனப் பிரதேசம் சமதரை, குன்று கிடையாது, தென்னையும் பனையும் கண்ணை மறைக்கும். ஆகவே கோவில் கோபுரங்களையே குன்றுகளாக வைத்துக்கொண்டார்கள். 1808இல் அரை டன் எடையுள்ள கோணமானியைப் பெரிய கோவில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதிக் கோணலாகிவிட்டது. புதிது வரவேண்டுமானால் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, அதன் வட்டத்தைச் சிறிது சிறிதாக நிமிர்த்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். கல்வெட்டில் சோழனுடைய நிலக்கணக்கு, கோபுர உச்சியில் கும்பினியின் கோணமானி. எண்ணூறு ஆண்டு இடைவெளியில் ஒரே கட்டடம் இரண்டு ஆட்சிக்கும் அளவு மேடையாயிற்று.

தோழர்களே! இதுவரையில் அளந்த படத்தைப் புகழ்ந்தோம். அந்தப் புகழ்ச்சி அதற்கு நியாயமாகச் சேரவேண்டியதே. ஆனால் அளவு சரியாயிருப்பதனாலேயே படம் நியாயமானது என்று நம்பிவிட்டால், மேருவை நம்பினவனுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை.

1858 முதல் சென்னை மாகாணத்தில் ஊர் ஊராக வயல்களை அளந்து, ஒவ்வொன்றுக்கும் சர்வே நம்பர் கொடுத்துப் படம் போட்டார்கள். படத்தின் காரியம் வரி. ஆகவே வரி தரும் நிலத்துக்கு எதிரில் வரி கட்டுகிறவன் பெயர் ஏறிற்று. அந்த வயலில் நாற்று நட்டவள் பெயரோ, பண்ணைக்கு உழைத்தவன் பெயரோ ஏறவில்லை, ஏற இடமுமில்லை. வரிக்கணக்குக்கு வெளியே வைத்த நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். மேய்ச்சல் தரை, ஏரி, வாய்க்கால், பாதை எல்லாம் அதற்குள் அடங்கும். வேறு போக்கிடமில்லாமல் அங்கே குடிசை போட்டவன் எத்தனை தலைமுறை இருந்தாலும் படத்தில் அவன் இல்லை. ஒருநாள் அந்த இடம் வேறு காரியத்துக்கு வேண்டும் என்று வந்தால், படத்தை விரித்து, "இங்கே யாருமில்லையே, நீ ஆக்கிரமிப்புக்காரன்" என்று சொல்லிவிடலாம். கோட்டில் ஓர் அங்குலம்கூடப் பொய் இல்லை. பொய்யெல்லாம் எழுதாமல் விட்ட இடத்தில் இருக்கிறது.

சேரியின் கதை இதைவிடத் தெளிவானது. 1891இல் செங்கற்பட்டில் கலெக்டர் வேலை பார்த்த டிரெமன்ஹீர், சேரி மக்கள் குடியிருந்த மனையையும் மிராசுதார்கள் தங்களுடையதென்று வைத்துக்கொண்டு, வேலைக்கு வரமாட்டேன் என்றவனை வீட்டை விட்டே துரத்தப் பயமுறுத்தினார்கள் என்று சர்க்காருக்கு எழுதினார். அதன் பிறகு 1892இல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனியே நிலம் ஒதுக்க உத்தரவாயிற்று. அதுவே பஞ்சமி நிலம். அதைப் பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. இருந்தும் அதில் வெகுபாகம் மற்றவர் கைக்குப் போய்விட்டது.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். அந்த நிலத்தைத் திரும்பக் கேட்கிறவர்கள் இன்று எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள்? அதே சர்க்கார் படத்தையும், சர்வே நம்பரையும், பழைய பதிவேட்டையும்தான். ஆண்டவனுக்காக ஏற்பட்ட கருவி ஆளப்பட்டவன் கைக்கும் உதவுகிறது. மேருப் படத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வழக்காடியிருக்க முடியுமா? முடியாது, ஏனென்றால் அதைச் சோதிக்க வழியில்லை. அளந்த படத்தையோ சங்கிலி பிடித்த எவனும் திரும்ப அளக்கலாம். எழுதியிருக்கும் பெயரைப் படித்த எவனும் கேள்வி கேட்கலாம்.

ஆகையால் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் ஊரின் புலப்படத்தையும் "அ" பதிவேட்டையும் ஒருதரம் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். இப்போது கணினியிலும் பார்க்கலாம். அதில் உங்கள் சேரி எங்கே, எந்தப் பெயரில் இருக்கிறது, மேய்ச்சல் தரை முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, பஞ்சமி என்று எழுதிய நிலத்தை இன்று உழுகிறவர் யார் என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். பிறகு படத்தோடு வெளியில் நடந்துபோய், படத்தில் இல்லாத வீடுகள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.