பூரீம் திருநாளும் ஏழையின் பங்கும்



மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்களுள் பலர், யூதர்களின் தொழுகைக்கூடங்களைக் கடந்து சென்றிருப்பீர்கள். மும்பைக் கோட்டைப் பகுதியில் அத்தகைய கட்டடம் ஒன்று உண்டு. அது 1884ஆம் ஆண்டு எழுந்தது. கொல்கத்தாவின் மாகேன் தாவீது ஆலயமும் அதே ஆண்டினதுதான். 1948இல் இஸ்ரேல் நாடு உருவான பின்னர் இந்திய யூதர்களுள் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டனர். எனினும் எஞ்சியவர்கள் தம் திருநாள்களைக் கொண்டாடி வருகின்றனர். அவற்றுள் ஒன்று பூரீம். யூதப் பஞ்சாங்கத்தின் ஆதார் மாதம் 14ஆம் நாள் வருவது அது. நிறைமதியை ஒட்டிய நாளாதலால், பல ஆண்டுகளில் வடநாட்டு ஹோலிப் பண்டிகைக்கு அருகிலேயே அமையும். 2025இல் இரண்டும் மார்ச் 14ஆம் தேதி ஒன்றாகவே வந்தன.

திருநாளின் கதை எஸ்தர் என்னும் சிறு நூலில் உள்ளது. இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்ட பாரசீக மன்னன் அகாஸ்வேரு என்று நூலின் முதல் வரியிலேயே நம் நாட்டின் பெயர் வந்துவிடுகிறது. அவனுடைய அமைச்சன் ஆமான், தன்னை வணங்காத மொர்தெகாய் என்பவர் மீது கொண்ட பகையால், யூத குலம் முழுவதையும் ஒரே நாளில் அழிக்க ஆணை பெற்றான். அந்த நாளைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தான். ‘பூர்’ என்றால் சீட்டு. பூரீம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அரசியாயிருந்த எஸ்தரோ மொர்தெகாயின் வளர்ப்பு மகள். அழையாமல் மன்னன் முன் செல்வோர்க்கு மரணமே தண்டனை என்று அறிந்தும் அவள் சென்றாள். தன் மக்களுக்காக மன்றாடினாள். ஆமான் வீழ்ந்தான். குறித்த நாளில் யூதர்கள் ஆயுதமேந்தித் தம்மைக் காத்துக்கொண்டனர். குருதி சிந்திய முடிவுதான் அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர் நடந்த 13ஆம் நாளை அவர்கள் திருநாளாக்கவில்லை. போர் ஓய்ந்து இளைப்பாறிய 14ஆம் நாளையே திருநாளாக்கினர். இது வரலாறா, புனைகதையா என்று அறிஞர்கள் வாதிடுவதுண்டு. அவ்வாதத்தை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

பூரீமுக்குரிய கடமைகள் நான்கு. முதலாவது எஸ்தர் நூலை வாசிப்பது. அச்சிட்ட புத்தகத்தை வைத்து வாசித்தல் போதாது. பதப்படுத்திய தோலில் மையால் கையெழுத்தாக எழுதிய சுருளே வேண்டும்; அதற்கு மெகில்லா என்று பெயர். மாலையில் ஒரு முறையும் மறுநாள் பகலில் ஒரு முறையும் வாசிக்கப்படும். அன்று அனுப்பப்பட்ட ஓலை போலவே தோன்றும்படி, வாசிப்பவர் சுருளை விரித்துக் கடிதம் போல் மடித்து வைத்துக்கொள்வது வழக்கம். ஆணும் பெண்ணும் ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும். ஆமான் பெயர் வரும்போதெல்லாம் குழந்தைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றியும் தரையை உதைத்தும் அப்பெயரை மூழ்கடிப்பார்கள். அப்பெயரோ ஐம்பது தடவைக்கு மேல் வருகிறது! இரைச்சல் அடங்கும் வரை வாசிப்பவர் காத்திருக்க வேண்டும். இல்லாவிடில் அடுத்த சொல் யார் காதிலும் விழாது, கடமையும் குறைப்பட்டுப் போகும்.

மற்ற மூன்று கடமைகளும் நூலின் ஒன்பதாம் அதிகாரத்திலிருந்தே பெறப்படுகின்றன. விருந்துண்டு மகிழவும், ஒருவர்க்கொருவர் உணவுப் பங்குகளை அனுப்பவும், ஏழைகளுக்கு ஈகை செய்யவும் அங்கே கூறப்படுகிறது. இதற்கு உரை கண்ட சான்றோர், நம் உரையாசிரியர்களைப் போலவே, ஒருமை பன்மையைக் கூர்ந்து நோக்கினர். நண்பரைக் குறிக்குமிடத்தில் ‘பங்குகள்’ என்பது பன்மை, ‘தோழன்’ என்பது ஒருமை. ஆகவே ஒருவருக்கு இரு உணவு வகைகள் அனுப்பினால் போதும். ஏழைகளைக் குறிக்குமிடத்திலோ ஈகையும் பன்மை, ஏழையும் பன்மை. ஆகவே இருவருக்கு ஆளுக்கொன்றாக இரண்டு ஈகைகளேனும் வேண்டும்.

நண்பருக்கு அனுப்புவது உண்ணத்தக்கதாக இருத்தல் வேண்டும். ஆடையோ பணமோ இக்கடமைக்கு ஆகாது. ஐரோப்பிய யூதர்கள் கசகசாவை உள்ளே வைத்துச் சுட்ட முக்கோண அப்பங்களை அனுப்புவார்கள். பாபிலோனியத் தல்மூத் என்னும் பழம்பெரும் தொகுப்பில் இதுபற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. ரப்பா என்ற அறிஞர் தம் நண்பருக்கு ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு கிண்ணம் வறுத்த மாவும் அனுப்பினார். நண்பர் பதிலுக்கு அனுப்பியவை என்ன தெரியுமா? ஒரு பை இஞ்சியும் ஒரு கிண்ணம் திப்பிலியும்! இனிப்பு அனுப்பியவருக்குக் காரமா வந்து சேருவது என்று, அவற்றைச் சுமந்து சென்ற மாணாக்கர் வேடிக்கையாகக் கூறினாராம். சுமார் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஈராக் நாட்டில் நடந்தது இது. இஞ்சிக்கும் திப்பிலிக்கும் அந்நூலில் வழங்கும் சொற்கள் நம் நாட்டிலிருந்து சென்றவை. நம் ‘இஞ்சிவேர்’ என்ற சொல்லே பல மொழிகளைக் கடந்து அங்கே போயிற்று என்று மொழிநூலார் பலர் கருதுகின்றனர்.

நண்பர்க்கு அனுப்பும் தட்டு ஆண்டுக்காண்டு பெரிதாவதும், ஏழைக்கு நாணயத்தோடு நின்றுவிடுவதும் எங்கும் காணும் வழக்கம்தானே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடீஸ் என்ற பேரறிஞர் இதைத் தெளிவாகத் தீர்த்து வைத்தார். விருந்தையும் நண்பர்க்கு அனுப்புவதையும் பெருக்குவதிலும், ஏழைகளுக்கு ஈவதைப் பெருக்குவதே மேல் என்று தம் சட்டநூலில் எழுதினார். அந்த நாளில் கை நீட்டுபவர் யாராயினும் கொடுக்க வேண்டும். அவர் உண்மையில் ஏழைதானா என்று விசாரிக்கலாகாது என்பதும் விதி. பூரீமுக்கென்று திரட்டிய பணத்தைப் பிறிதொரு நல்ல காரியத்துக்கு மாற்றவும் கூடாது. ஏழை அன்றைய விருந்தை உண்ண வேண்டுமாதலால், கொடுப்பது அவருக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். விருந்தும் பகலிலேயே நடைபெற வேண்டும். முன்னிரவில் எவ்வளவு உண்டாலும் அது கணக்கில் சேராது.

நூல் வாசிப்பும் ஈகையும் எவ்வளவு இறுகப் பிணைந்தவை என்பதை எருசலேமில் காணலாம். சூசான் தலைநகரில் போர் ஒரு நாள் கூடுதலாக நீடித்ததால், பழங்காலத்தில் மதில் சூழ்ந்திருந்த நகரங்களில் 15ஆம் நாளே பூரீம். 2025இல் அந்த 15ஆம் நாள் சனிக்கிழமையாக வந்தது. அன்று ஓய்வு நாள். பணத்தைத் தொடலாகாது, சுருளை வீதியில் எடுத்துச் செல்லவும் கூடாது. என்ன செய்தார்கள்? வாசிப்பை வியாழன் மாலைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் முன்தள்ளினார்கள். விருந்தையும் நண்பர்க்கு அனுப்புவதையும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்தள்ளினார்கள். ஏழைகளின் ஈகை எந்தப் பக்கம் சென்றது? வாசிப்போடு சேர்ந்து வெள்ளிக்கிழமைக்கே வந்துவிட்டது. சுருள் வாசிக்கும் வேளையை ஏழைகளின் கண்கள் எதிர்நோக்கியிருக்கின்றன என்று தல்மூத் இதற்குக் காரணம் கூறுகிறது. செல்வரின் விருந்து இரண்டு நாள் காத்திருக்கலாம். அந்தக் கண்கள் காத்திருக்கலாகாது.

பிறர் கொடுத்து உண்ணும் ஏழைக்கும் இந்நாளில் கொடுக்கும் கடமை உண்டு. தன் ஒரு வேளை உணவைத் தவிர வேறொன்றும் இல்லாதவன் தோழனுக்கு எதை அனுப்புவான்? அபின் என்பவரின் புதல்வர் இருவர் இதற்கு வழி கண்டதாகத் தல்மூத் குறிப்பிடுகிறது. மைமோனிடீஸ் அதை இவ்வாறு விளக்குகிறார்: இவர் தம் சாப்பாட்டை அவருக்கு அனுப்பினார், அவர் தம் சாப்பாட்டை இவருக்கு அனுப்பினார். பங்கு அனுப்பிய கடமையும் நிறைவேறியது, இருவருக்கும் அன்றைய விருந்தும் கிடைத்தது.