நோட்டீஸ் பணம் யார் தலையில்?

வேலைக்குச் சம்மதம் சொல்லியாயிற்று. பழைய நிறுவனத்தில் நோட்டீஸ் 90 நாள்; புதியவர்களோ 30 நாளில் வரச் சொல்கிறார்கள். மீதி 60 நாளுக்கான பிடித்தத்தை நாங்களே தருகிறோம் என்று எச்.ஆர். போனில் சொன்னால் போதாது. அடிப்படைச் சம்பளத்தைக் கணக்கிட்டுப் பிடிக்கிறார்கள், அது மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் 80,000. புதிய நிறுவனம் அதே 80,000-ஐச் சம்பளத்தோடு தந்தால் வரி விழும். 20 சதவீத வரி கட்டுபவருக்குக் கையில் சுமார் 64,000தான் நிற்கும். முழுத்தொகையும் நிற்க ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்டால் வேலையே போய்விடுமோ என்பது நியாயமான பயம்தான். ஆனால் சீக்கிரம் வரச் சொன்னது அவர்கள். அந்த அவசரத்தின் விலையைத்தான் கேட்கிறோம். அதிகபட்சம், முடியாது என்பார்கள். அப்போது 90 நாள் முடித்தே வருகிறேன் என்று சொல்ல வழி இருக்கிறது, ராஜினாமா கொடுக்காதவரை. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் கூடவே வரும். வேலை பார்த்த மாதங்களைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொகை, தரும் தேதி, இந்த நிபந்தனை மூன்றும் திருத்திய ஆஃபர் கடிதத்தில் வந்த பிறகு ராஜினாமாவை அனுப்புங்கள்.