சீட்டு வராத நாள்

இன்றைக்கு ஒரு மளிகைக் கடைக் கதை சொல்கிறேன். தென்காசிப் பக்கம் ஒரு தெரு, அதில் ஒரு அண்ணாச்சி கடை, தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலை பத்தரை மணிக்கு அண்ணாச்சியின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. “அண்ணாச்சி, லிஸ்ட் அனுப்பியிருக்கேன். சாயங்காலம் வீட்டுல குடுத்து விடுங்க.” அனுப்பியவர் பின்தெரு டீச்சர். அண்ணாச்சி செய்திக்கு மேலும் கீழும் தேடிப் பார்த்தார். லிஸ்டைக் காணோம்.

பள்ளிக்கூடத்தில் சிக்னல் குறைவு. எழுதிய சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார் டீச்சர். எழுத்து லேசானது, போய்விட்டது. படம் கனமானது, போகாமல் நின்றுவிட்டது. ஆனால் அனுப்பியவர் போனில் படம் அப்படியே தெரியும். போய்விட்டதென்று நினைத்து, போனைப் பைக்குள் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. கடையில் கூட்டம். பின்தெருப் பக்கம் சாமான் கொண்டுபோகிற பையன் திரும்ப ஒரு தடவை போகமாட்டான். காலையிலிருந்து வந்த சீட்டெல்லாம் கடலை மாவு, வெல்லம், எண்ணெய். முப்பது வருசமாகக் கடை வைத்திருப்பவருக்கு, யார் வீட்டில் என்ன அரிசி, யாருக்கு எந்த டீத்தூள் என்பதெல்லாம் மனப்பாடம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. “டீச்சர் வீட்டுக்கு எனக்குத் தெரியாதாடே?” என்று பற்று நோட்டை எடுத்து, போன வருச ஐப்பசிப் பக்கத்தைப் புரட்டினார்.

பக்கத்தில் எல்லாம் இருந்தது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் பச்சரிசி மூன்று கிலோ, கடலை மாவு இரண்டு கிலோ, பாகு வெல்லம் ஒன்றரைக் கிலோ, நெய் அரைக் கிலோ, எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய், சீயக்காய். லேகியத்துக்குச் சுக்கு, திப்பிலி, ஓமம். ஏலக்காயைத் தானே நிறுத்துப் பொட்டலம் மடித்தார். கடைசியாக, டீச்சர் மகனுக்கு என்று ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு, கணக்கில் எழுதாமல்.

அதே நோட்டில் இன்னும் இரண்டு பக்கங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்திருந்தால் கதையே வேறு. இந்த வருச ஆவணிப் பக்கத்தில் கடைசிப் பதினாறு பதினேழு நாள் அந்த வீட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. புரட்டாசிக் கணக்கு வழக்கத்தில் பாதி. நவராத்திரிக்கு அந்த வீட்டில் கொலு உண்டு. ஆனால் சுண்டலுக்குக் கடலை வாங்கவில்லை. ஒரு வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று கணக்கே சொல்லும். அண்ணாச்சிக்கு அன்றைக்கு அதைக் கேட்க நேரமில்லை. இது எனக்கும் உங்களுக்கும் நடக்கிறதுதான், கடை வைத்திருக்க வேண்டுமென்பதில்லை.

சாயங்காலம் பையன் போய்க் கதவைத் தட்டினான். டீச்சரின் மாமியார் வந்தார். அட்டைப் பெட்டியின் மேலேயே மத்தாப்புப் பெட்டி. அதை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே திரும்ப வைத்தார்.

“எங்களுக்கு இந்த வருசம் தீவாளி இல்லப்பா.”

ஆவணியில் கோயம்புத்தூரில் அவருடைய மூத்த மகன் இறந்துபோயிருந்தார். காரியமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. தென்காசியில் பந்தலும் இல்லை, பாடையும் இல்லை, தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பங்காளி வீட்டில் துக்கம் நேர்ந்தால், அந்த வருசம் பண்டிகை கிடையாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். வேண்டியவர்கள்தான் அவரவர் வீட்டுப் பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். நடந்ததைச் சொன்னான். அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

இரவு எட்டரைக்குப் படம் வந்து சேர்ந்தது. நோட்டுத் தாளில் நீல மையில் ஆறே சாமான். துவரம் பருப்பு ஒரு கிலோ, மிளகு நூறு, உப்பு, புளி, துணி சோப்பு, சாம்பிராணி. அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: “இந்த வருசம் பலகாரச் சாமான் வேண்டாம் அண்ணாச்சி.”

பதில் எழுத உட்கார்ந்தார். எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். பிறகு ஆறு சாமானையும் கட்டி, பையனை அனுப்பாமல் தானே எடுத்துக்கொண்டு போனார். செருப்பை வாசலிலேயே விட்டார். அந்தம்மா ஒரு பாய் போட்டார். “எப்பம் நடந்துச்சு ஆத்தா?” என்று அண்ணாச்சி கேட்டார். அவர் மகனைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் காப்பி கொண்டு வந்து வைத்தார்.

கிளம்பும்போது பழக்கத்தில் “போயிட்டு வாரேன்” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. துக்க வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. தலையை மட்டும் அசைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.